பார்க்கிறேன் என்றால் முடிக்கிறேன் என்று அர்த்தமா?

சிங்கப்பூரின் துவாஸில் எங்கள் பட்டறையில் வேலை செய்யும் தம்பி, "நாளைக்குள் முடித்துத் தர முடியுமா என்று பார்க்கிறேன்" என்று தமிழில் எழுதியதை, மொழிபெயர்ப்புச் செயலி "ஐ ஆம் சீயிங் இஃப் ஐ கேன் ஃபினிஷ் அண்ட் கிவ் பை டுமாரோ" என்று விறைப்பாக்கி வைத்தது. 'முடித்துத் தர' என்பதில் வரும் 'தர', பிறருக்காகச் செய்வதைக் காட்டும் துணைவினைதான். செயலியோ அதைக் கையில் கொடுக்கும் 'கிவ்' ஆக்கிவிட்டது. 'அண்ட் கிவ்' என்பதை எடுத்துவிட்டு அங்கே 'இட்' சேர்த்து, தொடக்கத்தை 'ஐ வில் சீ' என்று மாற்றினால் போதும். ஆனால் மேற்பார்வையாளர், ஆங்கிலம் மிடுக்காக இருக்க வேண்டுமாம், 'ஐ வில் ஃபினிஷ் இட்' என்றே திருத்தி அனுப்பிவிட்டார். தம்பி தராத வாக்கை நம்பி மறுநாள் காலை 8 மணிக்கே வாடிக்கையாளர் கேட்கிறார். பதில் எழுதும் வேலை மட்டும், வழக்கம்போல, என் தலையில்.