மூன்றும் ஒரே சரக்கு அல்ல

சனிக்கிழமை இரவு நண்பர்கள் கூடிய மேசையில் ஒரு தம்பி சீனாவின் பைஜியுவைக் குடித்து நிலைகுலைந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் பொறுத்திருந்தேன். ஆனால் அன்று புட்டியைத் திறந்து ஊற்றிய நண்பரே நேற்று ஒரு பதிவு போட்டு, "சோஜு, ஷோச்சு, பைஜியு எல்லாம் ஒரே அரிசிச் சாராயம்தான், சீனாக்காரன் சரக்குதான் மட்டம்" என்று தீர்ப்பு எழுதி, அதற்கு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சிரிப்புக் குறி இட்டிருப்பதைப் பார்த்த பிறகு வாய்மூடி இருக்க மனம் வரவில்லை. சோஜு கொரியாவுடையது, ஷோச்சு ஜப்பானுடையது, பைஜியு சீனாவுடையது; மூன்றும் வேறு வேறு என்று அங்கே நான் இட்ட ஒரே கருத்துக்குக் கிடைத்த பதில், "அண்ணே, லேபிள்தான் வேற. உங்க மேதாவித்தனத்தை விடுங்க" என்பது. சியோலில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். வேலை நிமித்தம் ஜப்பானின் ககோஷிமாவுக்கும் சீனாவின் சிச்சுவானுக்கும் பலமுறை போய் வந்திருக்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் பக்கத்தில் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததைத்தான் நான் சொன்னேன். அதற்குப் பெயர் மேதாவித்தனம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் அந்த மேசையில் என்ன நடந்தது என்பதைக் கணக்காகப் பார்ப்போம். பச்சைப் புட்டி சோஜு 360 மில்லி. இன்று அதன் வீரியம் பெரும்பாலும் 16 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. சோஜுக் கிண்ணம் விளிம்பு வரை நிரம்பினால் ஏறக்குறைய 50 மில்லி பிடிக்கும். ஆகவே ஒரு கிண்ணத்தில் உள்ள தூய மதுசாரம் 8 மில்லி. அதே கிண்ணத்தில் அன்று ஊற்றப்பட்டது 53 சதவீத பைஜியு. அப்படியானால் ஒரு கிண்ணத்தில் 26 மில்லிக்கும் அதிகம். அந்தத் தம்பி, பாவம், சோஜு குடித்துப் பழகிய வேகத்தில் ஐந்து கிண்ணம் அடுத்தடுத்துக் குடித்தான். ஐந்து கிண்ணத்தில் 132 மில்லி தூய மதுசாரம். இரண்டு முழுப் புட்டி சோஜுவில்கூட 115 மில்லிதான் இருக்கிறது. அரை மணி நேரத்தில் இரண்டு புட்டிக்கு மேல் குடித்தவனுக்கு என்ன ஆகுமோ அதுதான் அவனுக்கும் ஆயிற்று. குளியலறைத் தரையில் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தவன் நான். மறுநாள் குற்றம் சாட்டப்பட்டது பைஜியு. கிண்ணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

சீனாவில் அந்தப் பைஜியுவை எப்படிப் பரிமாறுவார்கள் என்று பாருங்கள். ஒவ்வொருவர் முன்னாலும் மூக்கு வைத்த ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவை இருக்கும். அதிலிருந்து விரல் நுனி அளவுள்ள கிண்ணத்தில் 10 மில்லி, மிஞ்சினால் 15 மில்லி ஊற்றிக்கொள்வார்கள். பத்து மில்லிக் கிண்ணத்தில் இருப்பது 5 மில்லி மதுசாரம்தான், அதாவது ஒரு கிண்ணம் சோஜுவைவிடக் குறைவு. குளிர வைப்பதில்லை, தண்ணீர் கலப்பதில்லை. நடுவில் தட்டுத் தட்டாகச் சாப்பாடு வந்துகொண்டே இருக்கும். ஒருவர் எழுந்து வந்து கிண்ணத்தைத் தொட்டால் ஒழிய அடுத்த மடக்கு இல்லை. வீரியம் ஏறஏறக் கிண்ணம் சிறுத்திருக்கிறது. புட்டியை மட்டும் வாங்கி வந்து கிண்ணத்தை விட்டுவிட்டு வந்தால் அந்த மதுவின் பாதிதான் நம் கைக்கு வந்திருக்கிறது என்று பொருள்.

சரி, 53 சதவீதத்தில் வைப்பானேன், தண்ணீர் ஊற்றி இறக்கிவிடக் கூடாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இதற்கு மூலப்பொருளிலிருந்து வர வேண்டும். பைஜியுவின் அடிப்படை பெரும்பாலும் அரிசி அல்ல, சோளம். நம் ஊர் வெள்ளைச் சோளத்தின் இனம். அதை வேகவைத்து, கோதுமையை அச்சில் மிதித்துச் செங்கல் போலாக்கிப் பூஞ்சை பிடிக்க வைத்த 'சூ' என்ற புளிப்புக்கட்டியைப் பொடித்துக் கலந்து, சிச்சுவானின் லுஜோ பக்கத்தில் மண் குழியில் போட்டுச் சேற்றால் மூடிவிடுகிறார்கள். நம் ஊர்ச் சாராய ஊறல் போல அது தண்ணீராக இருக்காது. ஈரமான சோறு போலக் கெட்டியாகவே வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் கிடந்து புளிக்கும். லுஜோவில் 1573ஆம் ஆண்டிலிருந்து இடைவிடாமல் பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லப்படும் குழிகள் இருக்கின்றன. அந்தச் சேற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் பழுத்த அன்னாசி போன்ற அந்த மணத்தைக் கொடுக்கின்றன.

அந்தப் பக்கத்து வடிசாலை ஒன்றில் காய்ச்சுவதை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். புளித்த சோளத்தோடு உமியைக் கலந்து உதிரி உதிரியாக்கி, நம் இட்லிப் பானையின் பெரிய அண்ணனைப் போன்ற ஒரு பாத்திரத்தில் மெல்ல மெல்லத் தூவுகிறார்கள். அடியிலிருந்து வரும் ஆவி தானியத்தின் ஊடாக ஏறி மதுசாரத்தையும் மணத்தையும் சேர்த்துக்கொண்டு போய்க் குளிர்ந்து சொட்டுகிறது. வடிந்து விழும் இடத்தில் ஒரு பெரியவர் கையில் கிண்ணத்தோடு நின்று நுரைக் குமிழ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். குமிழ் பெரிதாக இருந்தால் வீரியம் அதிகம். பச்சைப் பயறு அளவுக்குச் சிறுத்துக்கொண்டே வந்தால் குறைந்துவிட்டது என்று அறிந்து, கைசாடையில் பாத்திரத்தை மாற்றச் சொன்னார். முதலில் வருவதைத் தனியே, நடுவில் வருவதைத் தனியே, கடைசியில் வருவதைத் தனியே பிரித்தார். அப்படிச் சேகரித்த மணப்பொருள்களில் பல மதுசாரத்தில்தான் நன்றாகக் கரையும். தண்ணீர் ஊற்றி 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறக்கினால் அவற்றில் சில கரையாமல் பிரிந்து மது கலங்கிவிடும். கலங்கலை வடிகட்டினால் மணமும் கொஞ்சம் போய்விடும். குறைந்த வீரியப் பைஜியுவும் 38 சதவீதத்தில் விற்கிறார்கள்தான். ஆனால் 52, 53 என்று நிறுத்துவது வீம்புக்காக அல்ல என்பதைச் சொல்கிறேன்.

இப்போது ஷோச்சு. ககோஷிமாவின் மண் எரிமலைச் சாம்பல் மண். தண்ணீர் நிற்காது, நெல்லுக்கு ஏற்றதல்ல. சர்க்கரைவள்ளிக் கிழங்கு நன்றாக விளையும். ஆகவே அங்கே ஷோச்சு என்றால் கிழங்கு ஷோச்சு. பக்கத்துக் குமா ஆற்றுப் பகுதியில் அரிசி, இக்கித் தீவில் வாற்கோதுமை, அமாமித் தீவுகளில் கருப்பட்டியைப் போன்ற கரும்புச் சர்க்கரை. அரிசியில் கோஜி என்ற பூஞ்சையை வளர்த்து முதல் ஊறலைப் போட்டு, சில நாள் கழித்து அவித்த கிழங்கை நசுக்கிச் சேர்க்கிறார்கள்; கிழங்கு ஐந்து பங்கு என்றால் அரிசி ஒரு பங்கு. அந்தக் கோஜி எலுமிச்சைப் புளிப்பைச் சுரப்பதால்தான் தெற்கின் புழுக்கத்திலும் ஊறல் கெடுவதில்லை. ஒரே ஒருமுறை வாலையில் வடிப்பதால் கிழங்கின் வாசம் அப்படியே நிற்கிறது. புட்டியில் வீரியம் வழக்கமாக 25 சதவீதம்.

ஆனால் அதை அப்படியே குடிப்பவர்கள் அங்கே குறைவு. ககோஷிமாவில் ஒரு சின்னக் கடையில் நான் முதல்முறை ஷோச்சுவை ஊற்றிவிட்டு அதன் மேல் வெந்நீரை ஊற்றப் போனேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் என் கோப்பையை வாங்கித் தள்ளி வைத்துவிட்டு, வேறொன்றில் முதலில் வெந்நீரை ஊற்றினார். கோப்பை சூடேறிய பிறகு ஷோச்சுவை மெல்ல ஊற்றினார். கரண்டி போடவில்லை. கீழே இருக்கும் சூடு மேலே எழும்ப, மேலிருந்து விழும் ஷோச்சு கீழே இறங்க, அது தானாகவே கலந்துகொண்டது. அவித்த கிழங்கின் வாசம் ஆவியோடு வந்து முகத்தில் பட்டது. ஆறு பங்கு ஷோச்சு, நான்கு பங்கு வெந்நீர் என்று விரலால் காட்டினார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 25 சதவீதம் 15 ஆகிவிடுகிறது. சோஜுவின் வீரியம்தான்! புட்டியில் 16, 25, 53 என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நிற்கும் மூன்றும், அவரவர் ஊர் முறைப்படி பரிமாறினால் ஒரு மடக்கில் உடம்புக்குள் போகும் அளவில் அவ்வளவு தூரம் விலகுவதில்லை. முறையை மாற்றினால்தான் விபத்து.

"சோஜுவும் ஷோச்சுவும் ஒரே பெயர்தானே" என்று சிலர் கேட்பார்கள். இரண்டு பெயரின் முதல் எழுத்தும் ஒன்றுதான், எரித்தது என்று பொருள். காய்ச்சி வடித்தது என்பதற்கு மேல் அந்தப் பெயர் எதையும் சொல்லவில்லை. பச்சைப் புட்டி சோஜுவும் ஜப்பானில் தொடர் வாலையில் வடித்துக் காக்டெயிலில் கலக்கும் மலிவு ஷோச்சுவும் உறவுக்காரர்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டுமே மணமில்லாத மதுசாரத்தில் தண்ணீர் ஊற்றியவைதான். ஆனால் ஒப்புக்கொள்வதால் என் வாதம் பலமாகிறதே தவிரக் குறையவில்லை. ஏனென்றால் சோஜுவையும் "அரிசிச் சாராயம்" என்று சொல்ல முடியாது. 1965இல் தென்கொரியாவில் உணவுப் பற்றாக்குறையால் தானியத்திலிருந்து சோஜு காய்ச்சுவது தடை செய்யப்பட்டது. அப்போதிருந்து மரவள்ளி, சர்க்கரைவள்ளி போன்றவற்றிலிருந்து 95 சதவீதம் வரை வடித்த மதுசாரத்தைத் தண்ணீரில் கரைத்து இனிப்புச் சேர்ப்பதே வழக்கமாயிற்று. தடை பின்னர் நீங்கியும் நாக்கு மாறவில்லை. 1965இல் 30 சதவீதமாக இருந்தது, 1973இல் 25 ஆகி, இறங்கி இறங்கி இன்று 16. அரிசியும் நுருக் என்ற கோதுமைப் புளிப்புக்கட்டியும் சேர்த்துக் காய்ச்சிய அசல் சோஜு வேண்டுமென்றால் ஆண்டோங் சோஜுவைத் தேட வேண்டும். அது 45 சதவீதம். அதையும் பச்சைப் புட்டியைப் போல மடக்கினால் சனிக்கிழமைக் கதைதான்.

"குடிக்கிற விஷயத்துக்கு இவ்வளவு எழுத்தா" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. குடிக்காதவர்களுக்காக நான் எழுதவில்லை.

எனக்கு வலித்தது வேறு. கொரியாவில் நமக்கு ஊற்றுபவரை நாம் கவனிக்கிறோம். பெரியவருக்கு இரு கையால் ஊற்றுகிறோம், அவர் முன் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிக்கிறோம், பக்கத்தில் இருப்பவர் கிண்ணம் காலியானதா என்று பார்த்தே நிரப்புகிறோம். சீனாவில் பெரியவர் கிண்ணத்தின் விளிம்புக்குக் கீழே நம் கிண்ணத்தைத் தாழ்த்தித் தொடுகிறோம். இரண்டு ஊரிலும் ஊற்றுகிறவன்தான் பொறுப்பு. அன்று அந்தத் தம்பி மறுத்தும், "இதுவும் சோஜு மாதிரிதான்" என்று சொல்லி நான்காவதும் ஐந்தாவதும் ஊற்றியவர், மறுநாள் ஒரு வார்த்தை விசாரிக்காமல் ஒரு நாட்டின் மதுவையே மட்டம் என்று எழுதுகிறார். "மெதுவாக ஊற்றுங்கள்" என்று நான் இரண்டு முறை சொன்னதை அங்கிருந்த எட்டுப் பேரும் கேட்டார்கள். ஒருவர்கூட அந்தப் பதிவின் கீழே அதைச் சொல்லவில்லை.

அந்தப் புட்டியில் மீதி என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அந்தத் தம்பியிடம் நேற்றுப் பேசினேன், இப்போது நன்றாக இருக்கிறான். லுஜோவிலிருந்து வாங்கி வந்த பத்து மில்லிக் கிண்ணங்கள் ஆறு என்னிடம் உண்டு. அவனுக்கு மறுபடி மனம் வந்தால், வறுத்த வேர்க்கடலையும் காரமான மீன் குழம்பும் வைத்து, அந்தக் கிண்ணத்தில் ஒன்று மட்டும் ஊற்றிக் கொடுப்பேன்.