நெஞ்செரிச்சலுக்குப் புதினா குடிப்பவர்கள் கவனத்திற்கு

ஏலக்காய், சீரகம், புதினா ஆகிய மூன்றையும் ‘அசிடிட்டிக்கு நல்லது’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். புதினாவை அந்த வரிசையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் சுருக்குப்பையின் வாய்போல ஒரு தசைவளையம் இருக்கிறது. நாம் விழுங்கும்போது திறந்து, பிறகு இறுகிக்கொள்வது அதன் வேலை. அது வேண்டாத நேரத்தில் தளர்வதால் அமிலம் மேலேறுவதே பெரும்பாலான நெஞ்செரிச்சலுக்குக் காரணம். அமிலம் அதிகமாகச் சுரந்திருக்க வேண்டும் என்பதில்லை. புதினா வகைகளில், குறிப்பாகப் பெப்பர்மின்ட்டில் மிகுதியாக உள்ள மெந்தால், தசைகளைத் தளர்த்தக்கூடியது. குடல் பிடிப்புக்குப் பெப்பர்மின்ட் எண்ணெய் உதவுவது இதனால்தான். ஆனால் அதே தளர்வு மேலேயுள்ள வளையத்திலும் ஏற்பட்டால் எதுக்களிப்பு கூடும். அந்த எண்ணெயை இரைப்பையில் கரையாத உறையிட்டு மாத்திரையாகத் தருவதும், அப்படியும் நெஞ்செரிச்சல் அதன் பக்கவிளைவாகச் சொல்லப்படுவதும் கவனிக்க வேண்டியவை.

பிறகு ஏன் பலருக்கும் புதினா இதமாகத் தெரிகிறது? மெந்தால் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் தொண்டையில் குளுமை தோன்றுகிறது. அமிலம் அதனால் குறைவதில்லை. இரவு ஒன்பது மணிக்கு வயிறு நிறைய உண்டு, புதினாத் தேநீர் குடித்துவிட்டுப் பத்து மணிக்குப் படுப்பவரை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவில் புளித்த நீர் தொண்டைவரை வந்து அவரை எழுப்புகிறது. போதவில்லை போலும் என்று மறுநாள் அவர் இன்னும் கெட்டியாகப் போட்டுக் குடிக்கிறார். (இப்படிச் செய்பவர்கள் குறைவு என்று நான் நினைக்கவில்லை.) அவர் இரண்டு வாரம் புதினாவை மட்டும் நிறுத்திப் பார்க்கட்டும், இரவில் விழிப்பது குறைந்தால் காரணம் தெரிந்துவிடும். மாற்றம் இல்லையென்றால், அடுத்து உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விட்டுப் பார்க்கலாம்.

சீரகமும் ஏலக்காயும் வாயுவையும் உப்புசத்தையும் தணிக்க நெடுங்காலமாகப் பயன்படுபவை. உண்டபின் வயிறு இறுகி ஏப்பம் வருபவர், அரைத் தேக்கரண்டி சீரகத்தை ஒரு குவளை நீரில் கொதிக்கவிட்டு வெதுவெதுப்பாகக் குடிக்கலாம்; ஒன்றிரண்டு ஏலக்காயைத் தட்டிப் போட்டுக் குடிப்பதிலும் தவறில்லை. இவை எதுக்களிப்பைக் குணப்படுத்தும் என்பதற்கு வலுவான சான்று கிடையாது. வயிறு நிறைந்திருக்கும்போது பெரிய குவளை நிறையக் குடித்தால், அந்த நீரின் அளவே வளையத்தின் மீது அழுத்தத்தைக் கூட்டிவிடும்.

இஞ்சியும் அளவு மீறினால் எரிச்சல் தரும். மிளகாயும் பச்சைப் பூண்டும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

விழுங்கும்போது உணவு சிக்குவது, காரணமின்றி எடை குறைவது, மலம் கறுத்துப் போவது, இரத்த வாந்தி ஆகியவை இருந்தால் சீரக நீரோடு காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். மார்பு வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, வியர்வையோடும் மூச்சுத் திணறலோடும் வந்தாலோ, அது இதயத்தின் சிக்கலாக இருக்கலாம் என்பதால் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.