முழங்கால் வலிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்

போன ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது, வயதில் மூத்த ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சனிக்கிழமை ஹாலில் கண்ணை மூடிக்கிட்டு உட்கார்றீங்களே தம்பி, அது புத்தர் தியானம்தானே?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே மனம் கலங்கிக் கேட்டார். அதே வாரம் என்னோடு வேலை பார்க்கும் பர்மியத் தோழி, நாங்கள் செய்வதைக் கேட்டுவிட்டு, "அட, நாங்க யெய்தாவில் செய்றதும் அதுதானே" என்று சந்தோஷப்பட்டாள். இரண்டு பேருமே என்மேல் அன்புள்ளவர்கள். ஆனால் இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை என்றே நான் நினைக்கிறேன், யெய்தா என்கிற பர்மியத் தியான மையத்தில் சொல்லிக்கொடுப்பது, சனிக்கிழமை ஹாலில் நாங்கள் செய்யும் சென்டரிங் பிரேயர் என்கிற கிறிஸ்தவ மௌன செபம், இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் அதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ரங்கூனில் இருக்கிற நமக்கு யெய்தா புதிதில்லை. 1949இல் மகாசி சயாடோ என்ற பர்மிய புத்தத் துறவி இங்கே வந்து கற்பிக்கத் தொடங்கிய பிறகு, கடைக்காரரும் குமாஸ்தாவும் லீவு போட்டுவிட்டுப் போய்த் தியானத்தில் உட்காருவது இந்த ஊரில் சாதாரணமாகிவிட்டது. அவர் முறையைச் சொல்லிக்கொடுக்கும் ஒரு சின்ன யெய்தாவில் நானும் பத்து நாள் இருந்தேன். ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், ஒரு மணி நேரம் நடக்க வேண்டும், மதியத்துக்கு மேல் சாப்பாடு கிடையாது. உட்காரும்போது வயிற்றைக் கவனிக்கச் சொல்வார்கள். மூச்சு உள்ளே போகும்போது வயிறு உப்பும், மனசுக்குள் "ஃபவுங் தெ" என்று குறிக்க வேண்டும். வயிறு உள்வாங்கும்போது "பெய்ன் தெ". அவ்வளவுதான். நாற்பது நிமிடம் போனதும் முழங்கால் கத்தியால் குத்துவதுபோல வலிக்கத் தொடங்கும். அப்போது வயிற்றை விட்டுவிட்டு வலியைப் பார்க்க வேண்டும். "நா தெ, நா தெ", வலிக்குது, வலிக்குது. எங்கே வலிக்குது, குத்துதா, எரியுதா, நகருதா என்று கிட்டப் போய்ப் பார்த்தால், ஒரே கல்லாக இருந்தது துடிப்பு துடிப்பாக உடைந்து, எழுந்து, போய்விடும். சில நேரம் போகவும் போகாது, அப்போது அசைய வேண்டும் என்கிற எண்ணத்தையும் குறித்துக்கொண்டுதான் காலை மெதுவாக நகர்த்த வேண்டும். எதுவும் நிலைக்கவில்லை என்பதைச் சொந்த உடம்பிலேயே காண்பதுதான் அங்கே வேலை. அந்தப் பத்து நாளுக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

இப்போது நம் சென்டரிங் பிரேயருக்கு வருகிறேன், எங்கள் குழுவில் மையச் செபம் என்கிறோம். 1970களில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்பென்சர் என்ற ஊரில் உள்ள, டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் மடத்துத் துறவிகள் மூன்று பேர், வில்லியம் மெனிங்கர், பேசில் பென்னிங்டன், மடாதிபதியாக இருந்த தாமஸ் கீட்டிங், இதற்கு இன்றைய வடிவம் கொடுத்தார்கள். கிறிஸ்தவ வாலிபர்கள் மௌனம் தேடிக் கீழைநாட்டு ஆசிரியர்களிடம் போகிறார்களே, நம்மிடமே அது இருக்கிறதே என்ற ஆதங்கத்தில் பிறந்தது இது. அவர்கள் கையில் எடுத்தது பதினான்காம் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய செப நூல், ஒரே ஒரு சின்னச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கடவுளிடம் போகச் சொல்வது. புத்த மதத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது என்று சொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முறை ரொம்பச் சின்னது. ஒரு புனிதச் சொல்லைத் தேர்ந்துகொள்கிறோம். நாற்காலியில் வசதியாக உட்கார்ந்து கண்ணை மூடி, அந்தச் சொல்லை மெதுவாக மனசுக்குள் வைக்கிறோம். ஏதாவது ஒரு நினைவோடு நாம் போய்விட்டோம் என்று தெரிந்தால், மறுபடி மெதுவாக அந்தச் சொல்லுக்குத் திரும்புகிறோம். இருபது நிமிடம் கழித்து, கண்ணைத் திறக்காமல் இரண்டு நிமிடம் சும்மா இருக்கிறோம். இப்படிக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. சொல்லுக்குத் தனி சக்தி எதுவும் கிடையாது, அது ஜெபமாலை மணி மாதிரி உருட்டுவதற்கும் இல்லை. "ஆண்டவரே, நீர் இங்கே இருக்கிறீர், உமக்குச் சம்மதம்" என்பதன் அடையாளம், அவ்வளவே. நினைவு வராதபோது அந்தச் சொல்கூடத் தேவையில்லை.

சரி, இதில் முழங்கால் வலித்தால்? காலை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தது. வலியை ஆராயக் கூடாது, அது வருவதையும் போவதையும் பார்க்கக் கூடாது, ஏனென்றால் இங்கே வலி, அரிப்பு, தெருவில் போகும் வண்டிச் சத்தம், நல்ல யோசனை, பக்தியான உருக்கம், எல்லாமே "நினைவு" என்ற ஒரே கணக்கில்தான் வரும். எதையும் எதிர்ப்பதில்லை, எதையும் பிடித்துவைப்பதில்லை. யெய்தாவில் கவனம் எவ்வளவு கூர்மையாகிறதோ அவ்வளவு நல்லது. மையச் செபத்தில் அப்படிக் கூர்மையாக்கப் பார்த்தால் செபமே நழுவிப் போய்விடும். ஒருவரிடம் நம்மை ஒப்புக்கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் இருப்பது இது. அங்கே பார்க்கிறோம், இங்கே நம்மைப் பார்க்க ஒருவருக்கு இடம் கொடுக்கிறோம், என் தோழியிடமும் இப்படித்தான் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ உங்களுக்கு ஆள் வேணும், எங்களுக்கு வேண்டாம்" என்றாள். அவள் அளவுக்கு இதைச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இது புரியாமல் நான் ஒரு வருஷம் வீணாக்கினேன். விடிகாலை கரண்ட் போன நேரத்தில் இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, "அப்பா" என்ற சொல்லை வைத்துக்கொண்டு, கூடவே வயிற்றையும் கவனித்து, மூச்சு உள்ளே போகும்போது "அப்", வெளியே வரும்போது "பா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டும் சேர்ந்தால் இரட்டைப் பலன் என்ற நினைப்பு. நடந்தது என்னவென்றால், வயிறும் தெளிவாகத் தெரியவில்லை, செபமும் செபமாக இல்லை, எழுந்திருக்கும்போது தாடை வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சொல்லால் நினைவுகளை அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். தாடை இறுகுவதும், சொல் மூச்சோடு தாளம் போடுவதும், மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பதும் தவறாகச் செய்கிறோம் என்பதற்கு நல்ல அடையாளங்கள். அப்புறம் இன்னொன்று, "அப்பா" என்றவுடன் எனக்கு என் அப்பா ஞாபகமும் அவர் கடைசி மாதங்களும் வந்துவிடும். மனசைக் கிளறாத சொல்லாக இருக்க வேண்டும். இப்போது என் சொல் "இதோ". மரியாள் சொன்ன "இதோ". செபத்தின் நடுவில் சொல்லை மாற்றக் கூடாது, மாற்றினால் எது நல்லது என்று தேர்ந்தெடுப்பதே ஒரு நினைவாகிவிடும்.

கீட்டிங்கிடம் ஒரு கன்னியாஸ்திரி வந்து, இருபது நிமிடத்தில் எனக்குப் பத்தாயிரம் நினைவு வந்தது, எனக்கு இது வராது என்று வருத்தப்பட்டாராம். அவரோ, எவ்வளவு அருமை, கடவுளிடம் திரும்புவதற்குப் பத்தாயிரம் வாய்ப்பு என்றாராம். அதனால் "இன்னைக்கு நல்லா அமைதியா இருந்துச்சு" என்று எங்கள் குழுவில் யாராவது சொன்னால் நான் தலையாட்டுவதோடு சரி. 1989இல் கர்தினால் ராட்சிங்கர் கையெழுத்திட்டு வத்திக்கானிலிருந்து வந்த கடிதமும் இதைத்தான் எச்சரிக்கிறது: உடம்புப் பயிற்சியில் கிடைக்கும் அமைதியையும் இதமான உணர்வையும் பரிசுத்த ஆவியின் ஆறுதல் என்று நினைத்து ஏமாறாதே என்று. அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் சிலர் எங்களைத் தடுக்கப் பார்க்கிறார்கள். அதில் சென்டரிங் பிரேயர் என்ற பெயரே கிடையாது. கிறிஸ்தவ செபத்தின் அர்த்தம் மறையாதவரை, மற்ற மதங்களில் பயனுள்ளதை எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதே கடிதம் சொல்கிறது. தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். சில மாதங்கள் போனால் காரணமே இல்லாமல் கண்ணீர் வரும், பழைய துக்கம் மேலே வரும். பெரும்பாலும் விட்டுவிட்டுத் திரும்பினால் போதும். ஆனால் தூக்கம் கெடுகிறது, பகலிலும் அது தொடர்கிறது என்றால் இருபது நிமிடத்தைக் குறையுங்கள், கூட்டக் கூடாது. சமீபத்தில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள் தனியாக உட்கார்ந்து இதைத் தொடங்க வேண்டாம், விவரம் தெரிந்த ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள்.

கோவில் வாசலில் கேட்ட அந்த அக்காவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. கடைசி இரண்டு நிமிடத்தில் என்ன செய்வீங்க என்று கேட்டார். ஒருத்தர் மட்டும் பரலோக மந்திரத்தை மெதுவாகச் சொல்வார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்போம் என்றேன். "தமிழ்லதானே?" என்றார். தமிழில்தான் அக்கா. வருகிற சனிக்கிழமை அதைச் சொல்ல அவரையே கூப்பிட்டிருக்கிறேன்.