ரிசல்ட் கேப் நிற்குமா, நிரம்புமா?

ரிசல்ட் வந்த மறுநாள் காலை 9:15-க்கு கேப், அதாவது நேற்றைய க்ளோசிங்குக்கும் இன்றைய திறப்புக்கும் உள்ள இடைவெளி, எவ்வளவு பெரிசு என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். நான் பெரிதாக மதிப்பது அன்றைய க்ளோசிங்கை.

எச்டிஎஃப்சி வங்கியை எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரி 16, சந்தை முடிந்தபின் ரிசல்ட். லாபம் 16,000 கோடிக்கு மேல், தலைப்பில் குறையில்லை. உள்ளே பார்த்தால், முந்தைய காலாண்டைவிடக் கடன் கிட்டத்தட்ட 5% வளர்ந்திருக்க, டெபாசிட் 2% தான். அன்றிரவே அமெரிக்கச் சந்தையில் வர்த்தகமாகும் அதன் பங்குச் சான்றான ஏடிஆர் விழுந்துவிட்டது. 1,679 பக்கம் முடிந்த பங்கு 17-ஆம் தேதி பெரிய கேப் டவுனில் திறந்தது. 'மலிவாகக் கிடைக்குது' என்று வாங்கியவர்களைத் தாண்டி, திறந்த விலைக்கும் கீழே, 8 சதவீதத்துக்கு மேல் சரிந்து முடிந்தது. மறுநாள் இன்னொரு 3%. பிப்ரவரி நடுவில் 1,400-க்கும் கீழ். (2025 போனஸுக்கு முந்தைய விலைகள் இவை. இப்போதைய சார்ட்டில் பாதியாகத் தெரியும்.)

ஏன் ஒரே நாளில் அடங்கவில்லை? டெபாசிட் திரட்டுவது ஒரு காலாண்டில் தீரும் சிக்கல் இல்லை. அனலிஸ்டுகள் அடுத்த ஆண்டுக் கணிப்பையே திருத்த வேண்டியிருந்தது, பெரிய ஃபண்டுகளும் ஒரே நாளில் விற்றுத் தீர்க்க முடியாது. இதுவே சொத்து விற்ற லாபம், வரி திரும்ப வந்தது போன்ற ஒருமுறை வரவால் வந்த கேப் என்றால் திருத்த ஒன்றுமில்லை, விலை பழைய இடத்துக்கே திரும்பி கேப் பெரும்பாலும் நிரம்பிவிடும்.

கேப் அப்புக்குக் கணக்கு இப்படி. நேற்றைய க்ளோசிங் 500, இன்று திறப்பு 540, உச்சம் 556, தாழ்வு 534 என்று வையுங்கள். 552-ல் முடிந்தால் அன்றைய வீச்சில் மேல் 20 சதவீதத்துக்குள் இருக்கிறது. காலையில் லாபம் எடுத்தவர்கள் விற்றதையெல்லாம் யாரோ வாங்கியிருக்கிறார்கள். 537-ல் முடிந்தால் நான் தொடமாட்டேன். அடுத்த இரண்டு மூன்று நாளில் 534 உடையாமல், வால்யூம் வற்றி நின்றால் நல்லது. கேப்பின் பாதியான 520-க்குக் கீழே முடிந்தால் கதை முடிந்தது. இண்டெக்ஸ் நகர்வையும் கழித்துப் பாருங்கள்: நிஃப்டி 2% ஏறிய வாரத்தில் பங்கும் 2% ஏறினால் அது டிரிஃப்ட், அதாவது ரிசல்ட்டின் திசையிலேயே தொடரும் நகர்வு, இல்லை.

வர்த்தகமான பங்குகளில் அன்றே விற்காமல் கையில் எடுக்கப்பட்டவற்றின் பங்கான டெலிவரி சதவீதத்தை வைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். ரிசல்ட் நாளில் இன்ட்ராடே கூட்டம் பெருகுவதால், டெலிவரியான பங்குகள் இரட்டிப்பானாலும் சதவீதம் குறைந்தே தெரியும். எண்ணிக்கையை எடுத்து 20 நாள் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

டிரிஃப்டுக்கும் ஆயுள் உண்டு. பெரும்பகுதி அடுத்த ரிசல்ட்டுக்குள் முடிந்துவிடும். அதே எச்டிஎஃப்சி வங்கி அந்த ஜூன் கடைசியிலேயே 1,700-ஐத் தாண்டியது.