எலும்போரச் சிவப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள்

"எலும்புப் பக்கம் சிவப்பா இருந்தா கோழி வேகலைன்னு அர்த்தம், தூக்கிப் போட்டுடுங்க."

அப்படி இல்லை. பிராய்லர் கோழி ஆறேழு வாரத்திலேயே கறிக்கு வந்துவிடுவதால் எலும்பு முற்றியிருக்காது. மஜ்ஜையின் நிறம் அதன் வழியே கசிந்து பக்கத்துச் சதையில் படிகிறது. ஃப்ரீசரில் வைத்த கறியில் இது இன்னும் அதிகம். போன வாரம் நான் சுட்ட தொடைக்கறி உள்ளே 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகும் எலும்போரம் சிவந்தே இருந்தது.

'சாறு தெளிவாக வந்தால் போதும்' என்று சிலர் சொல்வதும் பாதிதான் சரி. உள்ளே போதிய சூடு ஏறும் முன்பே சாறு தெளிந்து, சதையும் வெளுத்துவிடலாம். தெர்மாமீட்டரைத் தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள். 74 டிகிரி வந்துவிட்டதா, சரி, சாப்பிடலாம். வரவில்லையென்றால், எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் திரும்ப அடுப்பில் ஏற்றுங்கள்.