பூட்ஸைக் கழற்றச் சொன்ன எசமான்

மூன்று மாதமாக ஒரு சிறுகதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கதையைச் சொல்பவன் ஒரு களிமண் ஆள், யூதக் கதைகளில் வரும் கோலெம். எசமான் அவனுக்குக் கடைசியாக ஒரு கட்டளை போடுகிறார். செய்வதா வேண்டாமா என்று அவன் யோசிக்கிறான். அவ்வளவுதான் கதை. படித்துப் பார்த்த இரண்டு நண்பர்களும் ஒரே குறையைச் சொன்னார்கள்: "கடைசிக் கட்டளை சப்பென்று இருக்கிறதே, 'செத்துப்போ' என்று சொன்னால்தானே அவன் எதிர்த்துக் கேட்க முடியும்?" என் கதையில் அந்தக் கட்டளை, "என் பூட்ஸைக் கழற்று."

இதை நான் மாற்றப் போவதில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

பூட்ஸ் என் கற்பனை கிடையாது. நாட்டுப்புறக் கதைகள் தொகுத்த ஜெர்மனியின் யாகோப் கிரிம், போலந்து யூதர்களிடையே வழங்கிய கதை என்று 1808-ல் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். விரதமிருந்து, மந்திரம் சொல்லி, களிமண்ணில் ஒரு ஆளைச் செய்கிறார்கள். அவன் வீட்டு வேலை எல்லாம் செய்வான், வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. சொல்வது புரியும், பேச வராது. நெற்றியில் 'எமெத்' என்று எழுதியிருக்கும். எபிரேயத்தில் உண்மை என்று பொருள். அதில் முதல் எழுத்தான ஆலெஃபை அழித்துவிட்டால் மிஞ்சுவது 'மெத்', அதாவது செத்தவன். அழித்த உடனே அவன் மண்ணாகிவிடுவான். சிக்கல் என்னவென்றால் அவன் தினமும் வளர்கிறான். ஒரு எசமான் கவனிக்காமல் விட்டுவிட, நெற்றி கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. பயந்துபோன எசமான், பூட்ஸைக் கழற்றச் சொல்கிறார். அவன் குனிகிறான். எழுத்தை அழிக்கிறார். அத்தனை மண்ணும் அவர் மேலேயே சரிந்து அவரை நசுக்கிவிடுகிறது.

பிராகு நகரத்து யூத மதகுரு ரப்பி லோவ் கோலெம் செய்த கதைதான் நிறையப் பேருக்குத் தெரியும். 1609-ல் இறந்தவர் அவர். ஆனால் அவர் காலத்து எழுத்து எதிலும் அந்தக் கதை இல்லை, வெகுகாலம் கழித்துத்தான் அவர் பெயரில் ஒட்டிக்கொண்டது. எனக்கு என்னவோ அந்தப் பெரிய கதையைவிட இந்தப் பெயர் தெரியாத எசமானும் அவருடைய பூட்ஸும்தான் தூக்கத்தைக் கெடுத்தன. "செத்துப்போ" என்பது நேரான கட்டளை. அதை மறுக்கலாம், அழலாம், ஓடலாம், கதாசிரியனுக்கு அது சுலபம். "பூட்ஸைக் கழற்று" என்பது இன்னொரு நாள் வேலை மாதிரி வருகிறது. இத்தனை நாள் சொன்னதையெல்லாம் செய்த அந்தப் பழக்கத்தையே பிடித்து அவனைக் குனிய வைக்கிறார். இங்கே மறுக்க வேண்டுமென்றால் முதலில் அவனுக்குச் சந்தேகம் வர வேண்டும். என் கதை முழுவதும் அந்தச் சந்தேகம் வருகிற சில நொடிகள்தான்.

அடுத்த பிரச்சினை பெரியது. பேசவே வராதவன் எப்படிக் கதை சொல்வான்? இந்த ஊமைத்தனம் கோலெம் கதையின் வேரிலேயே இருக்கிறது. யூதர்களின் பழைய சட்ட நூலான தால்மூதில், சன்ஹெத்ரின் பகுதியில், 'ராவா பரா கவ்ரா' என்று மூன்று சொல்லில் ஒரு சம்பவம் தொடங்கும், ராவா என்ற மதகுரு ஒரு ஆளைப் படைத்தார் என்று அர்த்தம். அந்த ஆளை அவர் ரப்பி சேராவிடம் அனுப்புகிறார். சேரா பேச்சுக் கொடுக்கிறார், பதில் இல்லை. "நீ நம் தோழர்கள் செய்தவன், உன் மண்ணுக்கே திரும்பிப் போ" என்கிறார். முடிந்தது. பதில் சொல்லாததுதான் அவன் செய்த ஒரே தப்பு.

இதோடு நிற்கவில்லை. பல நூறு வருடம் கழித்து, ஹாகாம் ட்ஸ்வி என்று அழைக்கப்பட்ட ரப்பி ட்ஸ்வி அஷ்கெனாசி (1718-ல் இறந்தவர்) இதை ஒரு சட்டக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். அவருடைய முன்னோர் ஒருவரே கோலெம் செய்ததாகக் குடும்பத்தில் பேச்சு உண்டு. கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும், அந்தப் பத்தில் ஒருவனாகக் கோலெமைச் சேர்க்கலாமா? கூடாது என்று முடிக்கிறார். அவர் சொல்லும் காரணத்தைப் பாருங்கள்: பத்தில் ஒருவனாக எண்ணப்படக் கூடியவன் என்றால் சேரா அவனை மண்ணாக்கியிருக்க மாட்டாரே. தாயின் வயிற்றில் உருவாகாதவன் என்பதால் அது கொலையிலும் சேராது என்கிறார். அவனை அழித்தார்கள், ஆகவே அவன் கணக்கில் இல்லாதவன். இதைப் படித்த ராத்திரிதான் அவன் பக்கத்திலிருந்து எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதனால் என் கதையில் அவன் வாய் திறப்பதே இல்லை. எல்லாம் மனசுக்குள். அதுவும் நிகழ்காலத்தில்தான் எழுத முடியும், ஆலெஃப் போன பிறகு "நான்" என்று சொல்ல அங்கே யாரும் இருக்கப் போவதில்லை. ஒரு பகுதியைத் தருகிறேன்.

"பூட்ஸைக் கழற்று என்கிறார். தினமும் ராத்திரி தானே கழற்றிக்கொள்வார், ஒரு காலால் மற்றதை மிதித்து. பூட்ஸைப் பார்க்கிறேன். காய்ந்திருக்கிறது. வெளியே மூன்று நாளாகப் பனி. அவர் இன்று எங்கும் போகவில்லை. வலது கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டியிருக்கிறார். கட்டைவிரலில் ஈரம். எனக்கு வேறு எது தெரியாவிட்டாலும் ஈரம் தெரியும். ஈர விரல் பட்டால் மண் வழிந்துவிடும். என் இடது கண்ணுக்கு மேலே அவர் ஏதோ எழுதியிருக்கிறார் என்று தெரியும், வாளித் தண்ணீரில் பார்த்திருக்கிறேன், இடம் வலம் மாறித்தான் தெரியும்."

எபிரேயம் வலமிருந்து இடம் போகிற எழுத்து. அதனால் எதிரே இருப்பவர் படிக்கும் முதல் எழுத்து கோலெமின் இடது கண் பக்கம்தான் வரும். தண்ணீரில் பார்க்கிற அவனுக்கு மட்டும் அது சரியாகத் தெரியாது. இந்த இடம் கிடைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சரி, அப்புறம் அவன் என்னதான் கேட்கிறான்? "ஏன் என்னைக் கொல்கிறாய்" என்றுதான் முதலில் எழுதினேன். பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஈரக் களிமண் தண்ணீரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். மனித உருவத்தில் நான்கடி உயரம் இருந்தபோது அவன் நாற்பது, நாற்பத்தைந்து கிலோ இருந்திருப்பான், எசமான் தூக்கி நிறுத்தியிருக்கலாம். எட்டடி ஆகும்போது உயரம்தான் இரண்டு மடங்கு, எடை எட்டு மடங்கு. ஏறக்குறைய 350 கிலோ. எசமான் உயரத்தை மட்டும் பார்த்தார், நெற்றி எட்டவில்லை என்பது மட்டும்தான் அவர் கவலை. எடை அவனுக்குத்தான் தெரியும், தினமும் அதைச் சுமந்து நடப்பவன் அவன்தானே. தான் குனிந்தால் எந்தப் பக்கம் விழுவோம், நாற்காலி எங்கே இருக்கிறது, எல்லாம் தெரியும். ஆக அவன் கேள்வி இது: "நான் உன் மேல்தான் விழுவேன், பார்த்தாயா?" இதைக் கேட்க அவனுக்கு வாய் இல்லை. வாய் வைக்காமல் செய்தது எசமான்.

அவன் கட்டளையை மறுக்க வேண்டும் என்றுதான் நண்பர்கள் இருவரும் இன்னமும் சொல்கிறார்கள். மறுத்தால் எசமான் பிழைப்பார், அவனும் பிழைப்பான், உண்மைதான். ஆனால் நான் எழுதிவைத்திருப்பவன் அந்த வீட்டில் அடுப்புக்கு விறகு வைத்தவன், தண்ணீர் சுமந்தவன், அந்த மனிதரைத் தவிர வேறு யாரையும் அறியாதவன். அவனுக்கு மறுப்பதைவிட எச்சரிப்பதுதான் முதலில் தோன்றும் என்று நினைக்கிறேன். நேற்று ராத்திரி எழுதியதில் அவன் உடனே குனியவில்லை. கையை நீட்டி, எசமானோடு சேர்த்து அந்த நாற்காலியை இரண்டு முழம் பின்னுக்குத் தள்ளப் பார்க்கிறான். யாரும் சொல்லாமல் அவன் செய்கிற முதல் வேலை அது. தன்னை நோக்கி வருகிற அந்தப் பெரிய கையைப் பார்த்ததும் எசமான் ஈர விரலோடு எழுந்து அவன்மேல் பாய்கிறார்.