‘விரைவில்’ என்றால் எந்தத் தேதி?

எங்கள் சரக்கை ஏற்றிச் செல்லும் லாரி நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு அனுப்பிய மடலுக்கு, சென்ற வாரம் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு எனக்கு வந்த தானியங்கிப் பதில் இதுதான்: ‘நான் தற்போது விடுப்பில் இருக்கிறேன். விரைவில் பதிலளிக்கிறேன். அவசரமெனில் எங்கள் அலுவலகத்தைத் தொடர்பு கொள்ளவும்.’ மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. எனக்குப் பயன்படும் ஒரு தகவல்கூட அவற்றில் இல்லை.

அவர் விடுப்பு எடுத்ததில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அன்று கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்காகச் சேலத்தில் உள்ளூர் விடுமுறை. ஆனால் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு புனே நோக்கிச் சென்ற அவர்களுடைய லாரிக்கு அந்த விடுமுறை தெரியாது. அது வழியில் அச்சு முறிந்து இரண்டு நாள் நின்றுவிட்டதால், சரக்கை வண்டியில் கொண்டுசெல்ல ஜிஎஸ்டி விதிப்படி தேவையான மின்னணுச் சீட்டான இ-வே பில் அன்று நள்ளிரவோடு காலாவதியாக இருந்தது. காலாவதிக்கு எட்டு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்புவரைதான் அதை நீட்டிக்க முடியும். அதாவது, அன்று மாலை நான்கு மணிக்குத் திறந்த கதவு மறுநாள் காலை எட்டு மணிக்கு மூடிவிடும். அதையும் சரக்கை அனுப்பிய நாங்கள் செய்ய முடியாது. ஏற்றிச் செல்லும் லாரி நிறுவனம்தான் செய்ய வேண்டும். தவறினால், வழியில் பிடிக்கும் அதிகாரி வரியைப் போல் இரு மடங்கு அபராதம் கேட்பார்.

இந்த நிலையில் ‘விரைவில்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இன்று இரவா, நாளை மறுநாளா, அடுத்த வாரமா? ‘எங்கள் அலுவலகம்’ என்பது யார்? அலுவலக எண்ணை எட்டு முறை அழைத்த பிறகு எடுத்தவர் காவலாளி. “சார் குடும்பத்தோட ஏற்காடு போயிட்டாருங்க, நாளைக்கு வருவாரா தெரியலைங்க” என்றார். விடுப்பில் போனவருடைய கைப்பேசியோ, மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எங்கேயோ தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது.

இரவு பத்து மணிக்கு அவருடைய சக ஊழியர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். மனம் நிறைய உதவ விரும்பினார். ஆனால் அவரால் முடியவில்லை. இ-வே பில் தளத்துக்குள் நுழைவதற்கான ஓடிபி விடுப்பில் இருப்பவரின் கைப்பேசிக்குத்தான் போகிறது. அந்தத் தளத்திலேயே துணைப் பயனர் கணக்கு உருவாக்கும் வசதி இருக்கிறது. விடுப்புக்கு முந்தைய நாள் அதைச் செய்துவிட்டுப் போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். மாற்றுப் பொறுப்பாளர் என்று ஒருவரின் பெயரை எழுதினால் மட்டும் போதாது. அந்த வேலையைச் செய்யும் அதிகாரம் அவர் கையில் இருக்க வேண்டும், அந்த நாட்களில் அவரும் ஊரில் இருக்க வேண்டும். கடைசியில் மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு மலையிலிருந்து ஓடிபி வந்தது, கதவு மூடுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பு. அந்த இரவு முழுவதும் லாரி ஓட்டுநரும் உறங்கவில்லை, நானும் உறங்கவில்லை.

அவர் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: ‘ஆகஸ்ட் 6 முதல் விடுப்பில் இருக்கிறேன். 11ஆம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பணிக்குத் திரும்புகிறேன். வழியில் இருக்கும் லாரிகளின் இ-வே பில் நீட்டிப்புக்கும் வண்டி மாற்றத்துக்கும் இன்னாரை இந்தக் கைப்பேசி எண்ணில் அழைக்கவும். பழைய பில் நகல், கணக்கு ஒப்பீடு, அடுத்த மாத வாடகை விலை ஆகியவை நான் திரும்பும்வரை காத்திருக்கலாம்.’ ‘10ஆம் தேதி வரை விடுப்பு’ என்று எழுதினால்கூட, பத்தாம் தேதி வருவாரா பதினொன்றாம் தேதி வருவாரா என்ற குழப்பம் வரும். திரும்பும் நாளைக் கிழமையோடு எழுதினால் அது வராது. எவை காத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டால், பில் நகல் கேட்பவர் மாற்றுப் பொறுப்பாளரை அழைக்க மாட்டார். லாரிக்காக அழைப்பவருக்கு அந்த எண் உடனே கிடைக்கும். ஜிமெயிலில் ஒரே ஆளுக்கு நான்கு நாளுக்கு ஒரு முறைதான் இந்தப் பதில் போகும். முதல் பதிலில் விவரம் இல்லையென்றால், அதற்குப் பிறகு எத்தனை மடல் அனுப்பினாலும் எதிர்ப்பக்கம் மௌனம்தான்.

திங்கட்கிழமை அவர் பணிக்கு வந்துவிட்டார். தொலைபேசியில் வருத்தமும் தெரிவித்தார். எனக்கும் மனம் இளகிவிட்டது. லாரி புனே சேர்ந்த செய்தியைச் செவ்வாய்க்கிழமை அவருக்கு மடலில் எழுதினேன். அடுத்த நொடியே பதில் வந்தது: ‘நான் தற்போது விடுப்பில் இருக்கிறேன். விரைவில் பதிலளிக்கிறேன்.’ ஜிமெயிலின் தானியங்கிப் பதில் அமைப்பில் `Last day` என்ற கட்டத்தில் அவர் தேதியே போடவில்லை.